முத்திரை இல்லாமல் போன கடிதம்

எங்கள் பள்ளியில் மணி அடிப்பதில்லை. பாடவேளை முடிந்தால் வகுப்பறைச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பிள்ளைகள் புத்தகத்தை மூடுவார்கள். காது கேளாத பிள்ளைகளுக்காகக் கள்ளக்குறிச்சியில் அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளி அது. நான் அங்கே அலுவலக நிர்வாகி. வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், ஜெனரேட்டருக்கு டீசல் ஆகியவற்றோடு பள்ளியின் மின்னஞ்சல் சர்வரும் என் பொறுப்பு. சர்வர் எங்கள் கட்டடத்தில் இல்லை. வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தது. முன்பிருந்த கணினி ஆசிரியர் வேலையை விட்டுப் போகும்போது எப்படி நடத்துவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். தினமும் காலையில் சர்வரின் பதிவுகளை ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பேன். பல் துலக்குவது போல அதுவும் ஒரு பழக்கம்.

ஒரு மழைக்காலத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் எங்கள் மாணவிதான், ஒன்றாம் வகுப்பு. பிறவியிலேயே காது கேளாதவள். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள்ளே ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதற்குத் துணையாகக் காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து போகும் ஒரு வட்டம் காந்தம்போலத் தலையில் ஒட்டிக்கொள்ளும். விடுமுறை முடிந்து மலையிலிருந்து வண்டியில் இறங்கும்போது அடைமழை. வெளிக்கருவிக்குள் தண்ணீர் போய்விட்டது.

"அரிசியில போட்டு வெச்சேன் சார், யாரோ சொன்னாங்கன்னு. ஒண்ணும் ஆவல" என்றார் அந்த அம்மா. மகள் என் மேசைக்கடியில் உட்கார்ந்து, அங்கிருக்கும் யு.பி.எஸ். பெட்டியின்மீது உள்ளங்கையை வைத்திருந்தாள். அது லேசாக அதிரும். அதிர்வைக் கையில் பிடித்துக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தாள்.

"இது இன்னா சார், பேச்சே நின்னு போச்சு. 'ம்மா, ஆடு வா'ன்னு மூணு வார்த்த சேத்துப் பேசக் கத்துக்கினு இருந்துச்சு. இப்ப கத்துறதுதான். அதுங்கொரலு அதுக்கே கேக்கல இல்ல?"

பள்ளியின் செவித்திறன் நிபுணர் ஒரு இளம் பெண், சங்கராபுரத்துக்காரர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். கருவியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வேறு கருவி வர வேண்டும். சென்னையில் இருக்கும் நிறுவனத்திடம் மாற்றுக்கருவி இருக்கிறது. ஆனால் சும்மா வாங்கி மாட்டிவிட முடியாது. எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். பல முறை உட்காரவைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அளந்து வைத்த கோப்பு இவரது கணினியில் இருக்கிறது. அதை நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் புதுக்கருவியில் ஏற்றிக் கூரியரில் அனுப்புவார்கள். அன்றே அனுப்பிவிட்டார்.

மலையில் பாதி நேரம் போன் சிக்னல் கிடைக்காது. பஸ்ஸும் அடிக்கடி இல்லை. கருவி வரும்வரை தாயும் மகளும் பள்ளியின் விருந்தினர் அறையிலேயே தங்கட்டும் என்று தலைமைச் சகோதரி சொல்லிவிட்டார். அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. சமையலறையில் போய் வெங்காயம் உரித்தார், முற்றத்தைப் பெருக்கினார், நடுவில் என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"வந்துடுச்சாங்க?"

"இல்லம்மா. வந்ததும் நானே வந்து சொல்றேன்."

"சரிங்க சார். சும்மாதான் கேட்டேன்."

எதுவும் வரவில்லை. கடைசியில் நிபுணர் சென்னைக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் வேகமாக என் அறைக்கு வந்தார்.

"அண்ணா, கோப்பே வரலையாம்!"

"வராம எங்க போவும்? திரும்பி வந்திருந்தா உங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்குமே."

"ஒண்ணும் வரல. ஒரு வைரஸ் மெயில்தான் வந்துச்சு. பேரைப் பாத்தாலே தெரியும். 'மெயிலர் டீமன்'னு. பேய் பேருல வந்ததத் தொறந்து பாப்பாங்களா? அழிச்சிட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டேன். போய்ச் சேராத கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும் தபால்காரனுக்கு அப்படித்தான் பெயர் என்று சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது.

"பேர வேற நல்லதா வெச்சிருக்கலாம் இல்ல? சிஸ்டருங்க நடத்துற எடத்துல..."

குப்பையிலிருந்து அந்த மெயிலை எடுத்துப் படித்தோம். விஷயம் தெளிவாக இருந்தது. கருவி நிறுவனத்தின் மின்னஞ்சலை வேறொரு ஹோஸ்டிங் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அந்தக் கம்பெனி வேண்டாத அஞ்சல் அனுப்பும் சர்வர்களின் எண்முகவரிகளை, அதாவது ஐ.பி. எண்களை, சொந்தமாக ஒரு தடுப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. எங்கள் சர்வரின் எண்ணும் அதில் இருந்தது. ஆகவே கதவைத் திறக்கவில்லை. நீக்கக் கோருபவர்கள் இந்த முகவரிக்கு எழுதவும் என்று கடைசியில் ஒரு வரி.

மற்ற இடங்களுக்கெல்லாம் அஞ்சல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் என் கண்ணிலும் படவில்லை. அந்தக் கம்பெனியின் வாசலில் மட்டும்தான் நாங்கள் குற்றவாளிகள்.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தோம். நிபுணர் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பிப் பார்த்தார். நோயாளியின் கோப்பு தங்களிடம் பதிவாகியிருக்கும் பள்ளி முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்று கருவி நிறுவனம் சொல்லிவிட்டது. அவர்கள் சொன்னதும் நியாயம்தான். தலைமைச் சகோதரி ஒரு யோசனை சொன்னார்: "பென் டிரைவ்ல போட்டு நம்ம டிரைவர் கையில குடுத்து மெட்ராஸ் பஸ்ல ஏத்தி வுட்டா?" வெளி பென் டிரைவ் எதையும் அவர்கள் கணினியில் செருக அனுமதி இல்லையாம். கருவி நிறுவனத்திலிருந்து போனில் பேசிய பெண் வருத்தமாகச் சொன்னார்: "நாங்களும் ஹோஸ்டிங்காரங்க கிட்ட சொல்லிட்டோம் சார். சர்வர் வெச்சிருக்கிறவங்கதான் எழுதிக் கேக்கணுமாம்."

எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. தவறாகப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டுமானால், தவறு நம்முடையதல்ல என்று முதலில் நமக்கே தெரிய வேண்டும். ஒரு ஆசிரியையின் கடவுச்சொல்லை யாராவது திருடி, எங்கள் சர்வர் வழியாக ஆயிரக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்பியிருக்கலாம். அப்படி நடப்பதுண்டு. அன்று முழுக்கப் பதிவுகளைப் படித்தேன். யார் யாருக்கு அனுப்பினார்கள், எங்கிருந்து உள்ளே நுழைந்தார்கள், வரிசையில் தேங்கியது ஏதாவது உண்டா என்று பார்த்தேன். விடுதிக்குக் காய்கறி கேட்டு ஒரு கடிதம், பெற்றோர்களுக்கு விடுமுறை அறிவிப்பு, நிபுணரின் கோப்பு. அவ்வளவுதான். எல்லோரும் பார்க்கும் பொதுவான தடுப்புப் பட்டியல்களிலும் எங்கள் எண் இல்லை. இணையத்தில் எங்கள் சர்வரின் பெயரைத் தேடினால் எண்ணும் எண்ணைத் தேடினால் பெயரும் ஒன்றுக்கொன்று சரியாக வந்தன. நாங்கள் சுத்தமாகத்தான் இருந்தோம்.

மேசைக்கடியில் சத்தம் கேட்டுக் குனிந்தேன். அந்தப் பிள்ளை யு.பி.எஸ்.ஸின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள். நானும் அதிர்கிறேனா என்று பார்த்தாள்போல. இல்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

கடிதம் எழுதினேன். எங்கள் பள்ளியில் வெளியே போகும் எந்தக் கடிதத்துக்கும் ஒரு முறை உண்டு. பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்க வேண்டும். பொருள், பார்வை என்று தலைப்பிட்டிருக்க வேண்டும். தலைமைச் சகோதரி கையெழுத்திட வேண்டும். உருண்டை முத்திரை குத்த வேண்டும். பிறகு அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் இணைப்போம். மின்னஞ்சலில் 'இணைப்பைக் காண்க' என்ற ஒரே வரிதான் இருக்கும். கல்வி அலுவலகமோ கலெக்டர் அலுவலகமோ, எல்லோருக்கும் அப்படித்தான். எனக்கு அந்த முறை பிடிக்கும். அதில் எதுவும் விட்டுப்போகாது.

ஆங்கிலத்தில் எழுதினாலும் சட்டகம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்து மனுதான். பள்ளி எப்போது தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், என்ன சேவை செய்கிறது, என்ன இன்னல் நேர்ந்தது என்று ஒன்றரைப் பக்கம். சர்வரின் எண்ணை நான்காம் பத்தியில் தடித்த எழுத்தில் வைத்திருந்தேன். கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டி முடித்தேன். சகோதரி படித்துவிட்டுத் தலையாட்டினார். முத்திரை கொஞ்சம் மங்கலாக விழுந்தது. மறுபடியும் அச்சிட்டு, மறுபடியும் குத்தினோம்.

பள்ளி முகவரியிலிருந்து அனுப்பினேன். அடுத்த நொடியே திரும்பி வந்தது, அதே டீமன் கையில். தடுப்பவனுக்கு எழுதும் கடிதமும் அவன் தடுப்பைத் தாண்டித்தானே போக வேண்டும்? இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். என் சொந்த முகவரியிலிருந்து மறுபடி அனுப்பினேன். இந்த முறை போய்ச் சேர்ந்தது. பதிலும் உடனே வந்தது, ஓர் இயந்திரத்திடமிருந்து: உங்கள் செய்தியில் சர்வரின் எண்முகவரி காணப்படவில்லை, இணைப்புகள் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டன, கோரிக்கை மூடப்பட்டது.

நிபுணர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "அப்போ, சிஸ்டர் கையெழுத்து, சீலு, ஒன்றரைப் பக்கம்?"

"எல்லாம் வாசல்லயே எடுத்துக் குப்பையில போட்டுட்டாங்க."

"மீதி 'இணைப்பைக் காண்க'தான் உள்ள போச்சா?"

"ஆமா."

"இணைப்பே இல்லாம?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சிரித்தாலும் எல்லோருக்கும் கவலைதான். அன்று மதியம் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் அந்தப் பிள்ளை பெரிய குரலில் கத்தினாள். என்ன வேண்டும் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் அம்மா ஓடிவந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தண்ணின்னு சொல்லுது. நல்லா சொல்லும் சார் இது. 'தண்ணி'ன்னு தெளிவா சொல்லும்" என்று எங்களிடம் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார். டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குடிக்கும்போது மகளின் தலையை, அந்த வட்டம் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தை, விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

தலைமைச் சகோதரியிடம் போனேன். தாளும் முத்திரையும் இல்லாமல், மின்னஞ்சலுக்குள்ளேயே நேராக எழுதி, என் சொந்த முகவரியிலிருந்து அனுப்ப அனுமதி வேண்டும் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சீல் இல்லாம போனா நாம பேசறதுன்னு எவன் நம்புவான்? ஒருக்கா முத்திரை மறந்துட்டோம்னு நம்ம மனுவ ஆபீஸ்ல திருப்பி எறிஞ்சது ஞாபகம் இருக்கா உனக்கு? மழையில நனைஞ்சிக்கினு திரும்பப் போனோம்."

"இருக்கு சிஸ்டர். ஆனா இங்க முத்திரைய யாரும் பாக்கல. எண்ணத்தான் தேடுறாங்க."

"எண்ணு எங்க எழுதியிருந்த?"

"நாலாம் பத்தியில."

"என்னையே ஒன்றரைப் பக்கம் படிக்க வெச்ச. அந்த மெஷினு படிக்குமா?" ஜன்னல் வழியே பார்த்தார். முற்றத்தில் அந்த அம்மா பெருக்கியதையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தார். "சரி. எழுது. அனுப்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டு."

எழுதினேன். முதல் வரியில் எண்முகவரி. இரண்டாவதில் அவர்கள் சர்வர் திருப்பிக் கொடுத்த மறுப்பு வாசகம், ஒரு எழுத்தும் மாற்றாமல். அடுத்து நான் என்னென்ன சோதித்தேன், என்ன கண்டேன் என்பது. இந்த எண் எங்களிடம் வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன, பழைய சர்வரிலிருந்து மாறியபோது கிடைத்தது, முந்தைய காரணம் ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும் என்று ஒரு வரி. பட்டியலிலிருந்து நீக்கக் கோருகிறேன். என் பெயர், பொறுப்பு, தொலைபேசி எண். முடிந்தது. படிக்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சட்டை போடாமல் அலுவலகத்துக்குப் போவது போல.

சகோதரி திரையில் படித்தார். "பிள்ளையப் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

"அது தேவையில்ல சிஸ்டர். நம்ம சர்வர் சரியா இல்லையாங்கறதுதான் கேள்வி. பிள்ளையச் சொல்லி இரக்கம் கேக்கறது..."

"இரக்கம் கேக்கச் சொல்லல. எதுக்கு அவசரம்னு சொல்லு. அது உண்மைதான? உண்மைய எழுத எதுக்கு வெக்கம்?"

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தடைபட்டிருக்கும் அஞ்சலில், ஒரு ஆறு வயதுப் பெண்ணின் செவிக்கருவிக்கான கோப்பு இருக்கிறது, அது போய்ச் சேரும்வரை அவளுக்கு எதுவும் கேட்காது.

இயந்திரம் இந்தமுறை கோரிக்கையை மூடவில்லை. மறுநாள் பதில் வந்தது. நீங்கள்தான் அந்தச் சர்வரின் நிர்வாகி என்பதைக் காட்ட, கீழே உள்ள எழுத்துத் தொடரை உங்கள் பள்ளியின் இணையப் பெயருக்கான பொதுப்பதிவில் சேர்க்கவும் என்றிருந்தது. பெயர் யாருடையதோ அவர்தான் அந்தப் பதிவில் எழுத முடியும். உலகத்தில் யாரும் அதைப் படிக்கலாம். சகோதரியிடம் போய், "அவங்களும் முத்திரைதான் கேக்கறாங்க சிஸ்டர்" என்றேன். அவருக்கு அதில் பெரிய திருப்தி. "பாத்தியா? நான் சொன்னேன் இல்ல?" என்றார்.

நிபுணர் உரக்கப் படிக்க, நான் சரிபார்த்தேன். அப்படியே நகலெடுத்து ஒட்டிய தொடர்தான், தவற வழியில்லை; இருந்தாலும் எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். சேர்த்துவிட்டுத் தெரிவித்தேன்.

மாலையில் வந்த பதிலை எழுதியது இயந்திரமில்லை என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. பக்கத்து எண் ஒன்றிலிருந்து முன்பு பெருவாரியாகக் குப்பை அஞ்சல் வந்ததாம். அதனால் அந்த வரிசையில் இருந்த எண்களை மொத்தமாகத் தடுத்துவிட்டார்களாம். உங்கள் எண்ணிலிருந்து எந்தத் தவறும் நடந்ததாகப் பதிவில்லை, நீக்கிவிட்டோம், எங்கள் எல்லாச் சர்வர்களுக்கும் மாற்றம் போய்ச்சேரக் கொஞ்ச நேரமாகும், வருந்துகிறோம். கடைசியில் தனியாக ஒரு வரி: கோப்பு சேர்ந்ததும் தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். கீழே பெயர் இல்லை. குழுவின் பெயர் மட்டும்தான்.

மறுநாள் காலை நிபுணர் மறுபடியும் அனுப்பினார். நான் சர்வரின் பதிவைத் திறந்து வைத்திருந்தேன். வரிகள் ஓடின. கடைசி வரியில், எதிர்முனை ஏற்றுக்கொண்டது என்ற குறிப்பு வந்து நின்றது.

"டீமன் வரலியேண்ணா?"

"வரல."

"நெஜமாவா? இன்னொருக்கா பாருங்க."

பார்த்தேன். வரவில்லை. சற்று நேரத்தில் சென்னையிலிருந்து அந்தப் பெண்ணே போன் செய்து கோப்பு வந்துவிட்டது, இன்றே ஏற்றி அனுப்புகிறோம் என்றார். சமையலறைக்கு நடந்தேன். அந்த அம்மா அரிவாள்மணையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"வந்துடுச்சாங்க?"

"கருவி இன்னும் வரல. கோப்பு போயிடுச்சு. இனி வந்துடும்."

"இத்தினி நாளு அது எங்க சார் இருந்துச்சு?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். "வழியில ஒரு கேட்டுல நிறுத்தி வெச்சிருந்தாங்க. பக்கத்து வூட்டுக்காரன் செஞ்ச தப்புக்கு."

"அடப் பாவமே" என்றார். "எங்க ஊருலயும் அப்படித்தான் சார். ஒருத்தன் தப்புப் பண்ணா தெருவையே புடிப்பாங்க." திரும்ப உட்கார்ந்து முருங்கைக்காயை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் உரிச்சது" என்றார். வெங்காயம் அன்று வேறு யாரோ உரித்திருந்தார்கள்.

கூரியர் வந்தபோது எல்லோரும் நிபுணரின் அறைக்குப் போய்விட்டார்கள். நான் என் அறையிலேயே இருந்தேன். அந்த நேரம் அந்தப் பிள்ளைக்கும் அவள் அம்மாவுக்கும் உரியது. சுவருக்கு அந்தப்பக்கம் பேச்சு, பிறகு அமைதி, பிறகு ஏதோ சிரிப்பு. கொஞ்சம் கழித்து என் கதவு திறந்தது. பிள்ளை உள்ளே வந்தாள். காதுக்குப் பின்னால் புதுக்கருவி. வட்டம் முடிக்குள் ஒட்டியிருந்தது. நேராக மேசைக்கடியில் போய் உட்கார்ந்து யு.பி.எஸ். மேல் கையை வைத்தாள். பின்னாலேயே அவள் அம்மா, நிபுணர், சகோதரி.

அப்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். வழக்கம்போல 'பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது. காதைக் குத்தும் சத்தம். பிள்ளை திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். குனிந்து, காதை அதன் பக்கம் கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு அந்த வட்டத்தைத் தலையிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டாள்.

"அய்ய, இன்னாடி இது, மாட்டனதும் மாட்டாததுமா கழட்டுற! இதுக்கா நான் காத்துக்கினு இருந்தேன்?" என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. சகோதரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் குனிந்து பீப் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

பிள்ளை பெட்டியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். வட்டத்தைத் தலைமேல் வைத்தாள். அது தானாக ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கவனித்தாள். சத்தம் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவான குரலில், "போச்சு" என்றாள்.

அவர்கள் மலைக்குத் திரும்பிப் போன பிறகு அந்த ஹோஸ்டிங் கம்பெனிக்குப் பதில் எழுதினேன், இந்த முறை பள்ளி முகவரியிலிருந்தே. கோப்பு சேர்ந்தது, கருவி வந்தது, நன்றி. அனுப்பும் முன் சகோதரியிடம் காட்டினேன். தாளில் அச்சிட்டு முத்திரை குத்தலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "சத்தம் நின்னதும் அவ 'போச்சு'ன்னு சொன்னதையும் எழுது" என்றார். அதையும் எழுதினேன்.